அம்மாயியின் கோப்பையில் ஆவி மட்டும் அசைய

தை விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மூன்று நாள் எடுத்துக்கொண்ட வேலை இது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பக்கம், அம்மாயியின் லயத்துக் குசினி. ஜன்னலோரம் பலகையில் அம்மாயி உட்கார்ந்திருக்கிறார், கையருகே தேத்தண்ணிக் கோப்பை, பார்வை வெளியே கொழுந்து மலைமேல். போட்டோவில் எல்லாம் உறைந்து நிற்க வேண்டும், கோப்பையிலிருந்து எழும் ஆவி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த வகைப் படத்துக்கு சினிமாகிராஃப் என்று 2011ல் பெயர் வைத்தவர்கள் நியூயோர்க்கில் இருந்த கெவின் பர்க், ஜேமி பெக் இருவரும். செய்யும் வழி இன்று ஊரறிந்தது: ஒரு வீடியோ, அதிலிருந்து ஒரு பிரேம், எங்கே அசையலாம் என்று சொல்லும் ஒரு மாஸ்க். ஆனால் நான் முதலில் செய்து பார்த்ததில் ஆவி, ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. அது ஏன், எப்படிச் சரியானது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு கம்பியூட்டரில் இல்லை, குசினியில். அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதே எடுத்தேன். அழகாக இருந்தது, அம்மாயியின் கன்னத்தில் நெருப்பு வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. ஆனால் முகத்தை உறைய வைக்கப் போகிறோம், அடுப்பு வெளிச்சம் ஆவியின் மேலும் விழுகிறது. உறைந்த கன்னத்தில் வெளிச்சம் ஒரே மாதிரி நிற்க, பக்கத்திலேயே ஆவி மட்டும் கூடிக் குறைந்து மினுங்கினால் இரண்டும் ஒரே அறையில் இல்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். அசையும் பொருள், அசையாத பொருளின் மேல் வெளிச்சமோ நிழலோ போடக் கூடாது. இரண்டுக்கும் வெளிச்சம் தரும் இடமும் துடிக்கக் கூடாது. அதனால் அடுப்பைப் படச் சட்டத்துக்கு வெளியே விட்டு, விறகைத் தள்ளித் தணலாக்கிவிட்டு, பலகையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டோம்.

மின்குமிழையும் அணைத்துவிட்டேன். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விலை குறைந்த எல்இடி குமிழ் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கலாம். போன் 1/60 ஷட்டரில் எடுத்தால் அது வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் பூட்டினால் தப்பலாம், ஆனால் நமக்கு அந்த வெளிச்சமே தேவையில்லை. காரணம், ஆவி முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அது நுண்ணிய நீர்த்துளிகள். பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்து, அந்தத் துளிகளில் பட்டுக் கமராவை நோக்கிச் சிதறும்போதுதான் வெள்ளையாகத் தெரியும், அதுவும் பின்னால் இருட்டு இருந்தால்தான். லயத்துக் குசினிச் சுவர் விறகுப் புகையில் வருஷக்கணக்காகக் கறுத்துப்போய், தொட்டால் விரலில் ஒட்டும் கரி. இதைவிட நல்ல பின்புலம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. அந்தச் சுவருக்கு முன்னால் கோப்பை, இடது பின்பக்கமாகச் சின்ன ஜன்னல், அவ்வளவுதான் ஒளியமைப்பு.

குளிரும் உதவியது. நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் தை மாதக் காலையில் காற்று அவ்வளவு குளிர்ந்து ஈரமாக இருப்பதால் கொழும்பில் ஊற்றிய சுடுதேத்தண்ணியைவிட இங்கே ஆவி நன்றாகக் கனத்து எழும்பும். காலை ஏழு மணிக்கு எடுத்ததற்கும் பத்து மணிக்கு எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பார்த்தால் நம்பமாட்டீர்கள். பத்து மணிக்கு ஆவி என்று சொல்வதற்கே ஒன்றும் இல்லை.

இனி கோப்பை இருக்கும் இடம். முதல் தடவை அம்மாயி கோப்பையைக் கையில் ஏந்தி வாய்க்கு அருகே வைத்திருந்தார். ஆவி தாடைக்கு முன்னால் ஏறியது. அப்படியென்றால் மாஸ்க் தாடையையும் சேர்த்துத்தான் மூட வேண்டும், தாடை மூச்சுக்கு மூச்சு அசைகிறது, உறைந்த கன்னத்துக்குக் கீழே தாடை மட்டும் ஆடும். அதோடு கோப்பை கையோடு நடுங்குகிறது. எழுபது வயதுக் கை, அதில் தப்பில்லை. கோப்பையைப் பலகையில் ஒரு சாண் முன்னே வைத்து, விரல்களைச் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன், விரல் நுனி கோப்பை விளிம்புக்குக் கீழே இருக்கும்படி. இது சின்ன விஷயம் இல்லை. விளிம்புக்கு மேலே ஆவியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, அப்போதுதான் மாஸ்க் விளிம்பில் ஆரம்பித்துச் சுவர்மேலேயே முடியும். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பதால் ஆவியின் பாதையில் வராது.

"எவ்வளவு நேரம் கண்ணு இப்படியே இருக்கணும்? தேத்தண்ணி ஆறிப் போகுது" என்றார். ஆறிப் போவதுதான் உண்மையான சிக்கல், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டாண்ட் இல்லை. அரிசி டின்னின் மேல் இரண்டு செங்கல், நடுவில் போன், கீழே மடித்த சாக்கு. தொடும்போது ஆடாமல் இருக்க மூன்று செக்கன் டைமர். போனிலேயே வந்த கமராவை விட்டுவிட்டு ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பில் ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 400, வைட் பாலன்ஸ் எல்லாவற்றையும் பூட்டினேன். ஃபோக்கசையும் கோப்பை விளிம்பில் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கனத்த ஆவிச் சுருள் கடக்கும்போது போன் அதை ஃபோக்கஸ் பண்ணப் போய்த் திரும்பும், படம் முழுவதும் ஒருமுறை பெருத்துச் சிறுக்கும்.

மூன்று தடவை எடுத்தோம். முதலாவது நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்தேன், லெப்டொப்பில் போட்டு எட்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டபோதுதான் தெரிந்தது, நடுவில் மலைக்கு மேலே மூட்டம் கலைந்து வெயில் எட்டிப் பார்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் கரிச் சுவர் மெதுவாக வெளுத்து மறுபடி கறுத்தது. இதை மாஸ்க் போட்டால் கோப்பைக்கு மேலே ஒரு பெட்டி மட்டும் வெளுத்துக் கறுக்கும். எங்கள் பக்கம் வானம் நிமிஷத்துக்கொரு நிறம், எனவே வெயிலுக்குக் காத்திருக்காமல், மூட்டம் முழுவதாக இறங்கி எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். மூன்றாவது தடவை அப்படித்தான் கிடைத்தது, தங்கச்சி கேத்தலோடு பக்கத்திலேயே நின்று, ஊற்றிவிட்டு விலகியதும் எடுத்த 38 செக்கன் வீடியோ.

அந்த 38 செக்கனில் எதை வெட்டுவது? ஊற்றியதும் முதல் சில செக்கன் ஆவி குபீரென்று போகிறது, கடைசியில் சோர்ந்துவிடுகிறது. லூப்பின் ஆரம்பத்தில் கனமும் முடிவில் மெலிவும் இருந்தால் எங்கே ஒட்டினாலும் தையல் தெரியும். ஆரம்பமும் முடிவும் ஏறத்தாழ ஒரே கனத்தில் இருக்கும் ஏழு செக்கன் தேட வேண்டும். 11வது செக்கனிலிருந்து 18வது வரை, ffmpeg என்ற இலவசக் கட்டளைவரி நிரலில் வெட்டி எடுத்தேன்.

```
ffmpeg -ss 11 -i take3.mp4 -t 7 -an -vf "fps=25" -c:v ffv1 clip.mkv
```

`fps=25` ஏன் என்றால், போன் வீடியோவில் பிரேம்கள் சரிசமமான இடைவெளியில் வருவதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பார்த்து அது கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். அடுத்த படியில் செக்கன் கணக்கு வைத்து வெட்டி ஒட்டப் போகிறோம், அதற்குச் சீரான இடைவெளி வேண்டும். `ffv1` தரம் குறையாமல் சேமிக்கும், ஃபைல் பெரிதாக வரும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

இப்போது லூப். இதில்தான் பலர் முன்னோக்கி ஓட்டிப் பின்னோக்கி ஓட்டும் வழியைப் பிடிப்பார்கள். திரைச்சீலைக்கு அது சரி, ஊஞ்சலுக்குச் சரி, ஆவிக்குச் சரிவராது; பாதி நேரம் ஆவி கீழிறங்கிக் கோப்பைக்குள் போகும். அருவியிலும் அதே கதை. ஒரே திசையில் போகும், ஒருபோதும் அதே வடிவத்துக்குத் திரும்பாத அசைவுக்கு ஒரே வழி, முடிவை ஆரம்பத்தோடு மெதுவாகக் கரைத்துவிடுவது. ஆனால் கரைப்பதை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது.

ஏழு செக்கனில் முதல் இரண்டு செக்கனைத் தனியே எடுத்துவிடுங்கள், அது தலை. மீதி ஐந்து செக்கன் உடல், அது வீடியோவின் இரண்டாவது செக்கனில் ஆரம்பிக்கிறது. உடலின் கடைசி இரண்டு செக்கன் கரையும்போது அதன் மேல் தலை மெல்ல எழுகிறது. தலை முடியும் இடம் எது? இரண்டாவது செக்கன். உடல் ஆரம்பிக்கும் இடமும் அதே இரண்டாவது செக்கன். ஆக லூப்பின் கடைசி பிரேமும் முதல் பிரேமும் அசல் வீடியோவில் அடுத்தடுத்து வந்தவை, அங்கே ஒட்டு என்று ஒன்றே இல்லை. ஒட்டு இருப்பதெல்லாம் கரைந்த அந்த இரண்டு செக்கனுக்குள்தான்.

```
ffmpeg -i clip.mkv -filter_complex "[0:v]split[a][b];
[a]trim=2:7,setpts=PTS-STARTPTS,fps=25[body];
[b]trim=0:2,setpts=PTS-STARTPTS,fps=25[head];
[body][head]xfade=transition=fade:duration=2:offset=3" -c:v ffv1 loop.mkv
```

`offset=3` என்பது உடலின் ஐந்து செக்கனில் மூன்று போனதும் கரைய ஆரம்பி என்பது. உடல், தலை இரண்டிலும் `fps=25` மறுபடி வருவதைப் பார்த்து வீண் என்று எடுத்துவிடாதீர்கள், புதிய பதிப்புகளில் அது இல்லாவிட்டால் `xfade` பிரேம் வேகம் தெரியவில்லை என்று சொல்லி நின்றுவிடக்கூடும்.

கரைப்பு எவ்வளவு நீளம் என்பதை நான் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். அரைச் செக்கன் வைத்தால் ஆவி சட்டென்று உருமாறுகிறது, கண் சிமிட்டியது மாதிரி. ஒரு செக்கனில் வேறொரு கோளாறு: கரைப்பின் நடுவில் இரண்டு ஆவியும் பாதிப் பாதி வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் சுருள்களின் கூர்மை போய் வெறும் மூட்டமாகிறது, அது ஐந்தாறு செக்கனுக்கு ஒருதடவை மூச்சு வாங்குவது போலத் தெரிகிறது. இரண்டு செக்கனிலும் அந்த மெலிவு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அவ்வளவு மெதுவாக வந்து போவதால் ஆவியின் இயல்பான கூடல் குறைவு என்றே கண் எடுத்துக்கொள்கிறது. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, லூப்பைப் போட்டுவிட்டு ஆவியைப் பார்க்காமல் அம்மாயியின் முகத்தைப் பாருங்கள். ஓரக்கண்ணில் துடிப்பு தெரிந்தால் வெட்டும் இடத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது உறைந்த படம். அதைக் கட்டாயம் `clip.mkv`யிலிருந்து எடுக்க வேண்டும், லூப்பிலிருந்து எடுத்தால் கரையும் இடத்தில் மாட்டி முகம் இரட்டையாக வரலாம். பிளேயரில் நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுக்கவும் வேண்டாம், நிறம் ஒரு நூல் மாறும், அந்த ஒரு நூல் மாஸ்க் ஓரத்தில் கோடாகத் தெரியும்.

```
ffmpeg -ss 2.4 -i clip.mkv -frames:v 1 still.png
```

2.4வது செக்கனில் அம்மாயியின் கண் நன்றாகத் திறந்திருந்தது, நெற்றி நரைமுடி ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிரிந்து நின்றது, இடது கை ஆள்காட்டி விரலில் கொழுந்துக் கறை படிந்த வெடிப்புகூடத் தெளிவு. அந்த முடி முக்கியம். ஆட வேண்டிய ஒன்று ஆடாமல் நிற்பதைப் பார்த்தால்தான் பார்ப்பவருக்கு ஒரு கணம் திகைப்பு வரும். சுவரும் பலகையும் அசையாமல் இருப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் அதே பிரேமில் ஒரு ஆவிச்சுருள் வலப்பக்கம் வெகுதூரம் போயிருந்தது. மாஸ்குக்கு வெளியே அது சுவரில் வெள்ளைக் கீறலாக உறைந்து நிற்கும். இதற்குக் கிம்ப் என்ற இலவசப் பட எடிட்டரில் ஒரு வழி கண்டுபிடித்தேன், எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான். ஆவி எப்போதும் சுவரை வெளுக்கத்தான் செய்யும், கறுக்காது. அதனால் ஒரு செக்கன் இடைவெளியில் இன்னும் நான்கு பிரேம் எடுத்து, உறைந்த படத்தின் மேல் நான்கு லேயராக அடுக்கி, அவற்றின் மோடை `Darken only` என்று மாற்றினேன். ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்தில் எது இருட்டோ அது மட்டும் தங்கும், ஆவி ஒரே இடத்தில் ஐந்து தடவையும் நிற்பதில்லை, ஆகவே சுவர் சுத்தமாகிவிட்டது. மேல் நான்கு லேயர்களிலும் அம்மாயி இருக்கும் இடத்தையும் கோப்பையையும் அழிப்பானால் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து முகங்களின் இருட்டும் ஒன்று சேர்ந்து கண்ணிமை தடித்துப்போகும். சுவர் அசலைவிட ஒரு துளி இருண்டு வரும், மாஸ்க் ஓரம் அகலமாகக் கரைந்திருந்தால் அது தெரியாது.

மாஸ்க் என்பது அதே அளவில், 1920க்கு 1080ல், ஒரு கறுப்புப் படம். எங்கே அசைய வேண்டுமோ அங்கே வெள்ளை. புதிய கறுப்பு லேயர் போட்டு, அதன் ஒளிபுகாமையைப் பாதியாக்கி அடியிலுள்ள படம் தெரிய வைத்து, மென்மையான பிரஷ்ஷால் வரைந்தேன். கோப்பை வாய் என் படத்தில் சுமார் 210 புள்ளி அகலம். அங்கிருந்து மேலே விரிந்து 500 புள்ளி அளவுக்கு, உயரம் 600. ஓரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பக்கங்களில் 60 புள்ளி அகலத்துக்குக் கரைய விட்டேன், மேல் ஓரத்தில் 150, ஏனென்றால் ஆவி அங்கே தானாகவே காற்றில் கலைய வேண்டும், கண்ணாடியில் முட்டியது போல நிற்கக் கூடாது. கீழே, கோப்பையின் முன்விளிம்பில் மட்டும் மூன்று நான்கு புள்ளிதான். அந்த எனாமல் விளிம்பின் நீலக் கோடும் அதில் சில்லு பெயர்ந்த இடமும் கூர்மையாக இருக்க, அதற்கு உள்ளே தேத்தண்ணியின் மேற்பரப்பு மெல்லச் சலனப்பட வேண்டும். வரைந்து முடிந்ததும் ஒளிபுகாமையைத் திரும்ப முழுதாக்கி, படத்தை ஒரே லேயராகத் தட்டி `mask.png` என்று சேமியுங்கள்.

பிறகு மூன்றையும் சேர்ப்பது. இங்கேதான் ஒரு நாள் முழுவதும் போனது.

சேர்த்துப் பார்த்தேன், ஆவி அருமையாகப் போகிறது, ஆனால் அம்மாயியின் கருஞ்சிவப்புச் சால்வை ஓரம் ஏதோ நெளிகிறது. நான்காவது செக்கனில் அவர் கண் சிமிட்டிய இடத்தில் உறைந்த கண்ணின் மேல் ஒரு நிழல் வந்து போகிறது. மாஸ்கில் தவறுதலாக வெள்ளை பட்டிருக்கும் என்று பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன், தூய கறுப்பு. கடைசியில் ஒரு சோதனை தோன்றியது: முழுவதும் கறுப்பான ஒரு மாஸ்க் செய்து அதைப் போட்டு ஓட்டினேன். சரியாக இருந்தால் வீடியோ போட்டோ மாதிரி அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. சால்வை நெளிந்தது, கண் சிமிட்டியது, எல்லாம் மங்கலாக. கோளாறு மாஸ்கில் இல்லை, சேர்க்கும் விதத்தில்.

காரணம் இதுதான். நான் மூன்று படங்களையும் `yuv420p` என்ற வடிவத்துக்கு மாற்றிச் சேர்த்திருந்தேன், வீடியோவுக்கு வழக்கமான வடிவம். அதில் வெளிச்சம் ஒரு தளத்திலும் நிறம் இரண்டு தளத்திலும் இருக்கும். மூன்றையும் சேர்க்கும் ffmpeg ஃபில்டரான `maskedmerge` ஒவ்வொரு தளத்துக்கும் மாஸ்கின் அதே தளத்தைப் பார்க்கிறது. நாம் கறுப்பு என்று நினைப்பது அந்த வடிவத்தில் வெளிச்சத் தளத்தில் பூச்சியம் இல்லை, 16. அதுவே 255ல் ஆறு வீதம் கசிவு, கண் சிமிட்டலின் நிழல் அதுதான். நிறத் தளங்களிலோ நிறமற்ற கறுப்புக்கு மதிப்பு 128, சரியாக நடுவில். அதாவது படம் முழுவதிலும் நிறம் மட்டும் பாதி உறைந்ததிலிருந்தும் பாதி ஓடுவதிலிருந்தும் எடுத்துக் கலக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் சுவரில் நிறம் இல்லாததால் தெரியவில்லை, சிவப்புச் சால்வையில் தெரிந்துவிட்டது. மூன்றையும் பச்சை, நீலம், சிவப்பு என்று தளம் பிரிந்த `gbrp`க்கு மாற்றினால் கறுப்பு எல்லாத் தளங்களிலும் பூச்சியம், வெள்ளை எல்லாவற்றிலும் 255.

```
ffmpeg -i loop.mkv -loop 1 -i still.png -loop 1 -i mask.png -filter_complex "[1:v]format=gbrp[s];
[0:v]format=gbrp[m];[2:v]format=gbrp[k];
[s][m][k]maskedmerge,format=yuv420p" -t 5 -c:v libx264 -crf 16 out.mp4
```

வரிசை முக்கியம்: முதலில் உறைந்தது, இரண்டாவது ஓடுவது, மூன்றாவது மாஸ்க். மாற்றிப் போட்டால் ஆவி உறைந்து அம்மாயி அசைவார். `-t 5` இல்லாவிட்டால் படங்கள் இரண்டும் முடிவில்லாமல் திரும்புவதால் வேலை முடியவே முடியாது. கறுப்பு மாஸ்க் சோதனையை மறுபடி செய்தேன், அசையாமல் நின்றது. இப்போது எதைச் செய்தாலும் முதலில் கறுப்பு மாஸ்க்கோடு ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் உண்மையான மாஸ்கைப் போடுகிறேன்.

இதற்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. இருட்டுக் குசினியில் போன் எடுத்த வீடியோவில் சுவர் முழுவதும் மணல் மணலாகப் பொரிந்துகொண்டிருக்கும். உறைந்த பகுதியில் அந்த மணல் நின்றுவிட்டது, மாஸ்குக்குள் மட்டும் பொரிகிறது. லெப்டொப் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் ஆவியைச் சுற்றி ஒரு உயிருள்ள வட்டம், அதற்கு வெளியே செத்த சுவர். இதற்கு ஆரம்பத்துக்கே போய், வெட்டும் கட்டளையில் `fps=25` என்பதை `fps=25,hqdn3d=2:2:6:6` என்று மாற்றி, அங்கிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கடைசி இரண்டு எண்களும் முந்தைய பிரேம்களோடு ஒப்பிட்டு மணலைத் தணிப்பவை, ஆவிக்குக் கூர்மையான ஓரம் இல்லாததால் அது கெடாது. ஆனால் எண்ணை 15, 20 என்று கூட்டினால் ஆவி வால் விட்டுக்கொண்டு போகும். இந்தத் தணிப்பை வெட்டும்போதே செய்வதில் ஒரு நன்மை உண்டு: முதல் சில பிரேம்களில் ஒப்பிட முந்தைய பிரேம் இல்லாததால் மணல் கொஞ்சம் மிஞ்சும், அந்தப் பிரேம்கள் தலைப் பகுதியில், கரைப்பின் தொடக்கத்தில், ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாத நிலையில்தான் வருகின்றன.

ஜிஃப் ஆகவும் ஒன்று செய்து பார்த்தேன், விட்டுவிட்டேன். ஒரு பிரேமுக்கு 256 நிறம்தான், கரிச் சுவரின் மெல்லிய ஏற்ற இறக்கம் படிக்கட்டாகிவிடுகிறது, ஃபைலும் பெரிது. கட்டாயம் ஜிஃப்தான் வேண்டும் என்றால் நிறக்கலப்புக்கு `dither=bayer` போடுங்கள். மற்ற முறைகள் ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிகளை வேறு இடத்தில் போடக்கூடும், உறைந்த சுவர் ஊர ஆரம்பிக்கும்.

வட்ஸ்அப்பில் சின்னம்மாவுக்கு அனுப்பியபோது ஐந்து செக்கன் ஓடி நின்றுவிட்டது, திரும்ப ஆரம்பிக்கவில்லை. வீடியோவாக அனுப்பும்போது அது ஒருதடவைதான் ஓடும். லூப்பை ஆறு தடவை அடுக்கி முப்பது செக்கனாக்கி அனுப்பினேன், மறுபடி சுருக்க வேண்டியதில்லை, அப்படியே ஒட்டினால் போதும்.

```
ffmpeg -stream_loop 5 -i out.mp4 -c copy long.mp4
```

அம்மாயிக்கு லெப்டொப்பில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கோப்பைதான் சில்லுப் பெயர்ந்தது, நல்ல கோப்பையில ஊத்தியிருக்கலாமே" என்றார். பிறகு தங்கச்சியிடம் கேத்தலை வைக்கச் சொன்னார்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. பலகைமேல் கோப்பைக்கு வலப்பக்கம் ஆவியின் நிழல் மிக மெல்லியதாக விழுகிறது, அசல் வீடியோவில் அது நகர்கிறது, என் மாஸ்கில் பலகை இல்லை, அதனால் நிழல் உறைந்து நிற்கிறது. பலகையில் கையகலத்துக்கு இன்னொரு வெள்ளைத் திட்டு, ஓரம் நன்றாகக் கரைந்து, நூறு வீதம் வெள்ளையாக இல்லாமல் பாதிச் சாம்பலாக வரைந்தால் போதும் என்று நினைக்கிறேன். அம்மாயியின் சுண்டுவிரல் அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பதால் பிரஷ்ஷைச் சின்னதாக்கித்தான் வரைய வேண்டும். இன்றிரவு அதைச் செய்கிறேன்.